விளக்கு எரியாத கம்பத்திலும் மின்சாரம் இருக்கும்: மழைநீரும் தெருவிளக்குக் கம்பமும்

மழைக்காலத்தில் தெருவிளக்குக் கம்பத்தைத் தொட்டவரோ, அதன் அருகே தேங்கிய நீரில் நடந்தவரோ மின்சாரம் தாக்கி இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் அதே மூன்று கேள்விகள் எழுகின்றன. கசிவு இருந்தால் ஃபியூஸ் ஏன் போகவில்லை? கம்பத்தைத் தொடவே இல்லாதவருக்கு ஷாக் எப்படி அடித்தது? சற்று முன்பு அதே தண்ணீரில் பத்துப் பேர் நடந்து போனார்களே, அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

கம்பத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் மின்னழுத்தம் எப்படிப் பரவுகிறது என்பது புரிந்தால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும். எந்த அறிகுறியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் அதிலிருந்தே தெரியவரும்.

## கம்பத்தின் உடலுக்கு மின்சாரம் எப்படி வருகிறது

நிலத்தடிக் கேபிள் மூலம் மின்சாரம் பெறும் இரும்புக் கம்பத்தின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில், ஒரு சிறிய கதவு இருக்கும். அதற்குள் கேபிள்கள் இணையும் ஜங்ஷன் பாக்ஸும், விளக்குக்கான சிறிய ஃபியூஸும் இருக்கும். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குக் கேபிள் போவதும் இங்கிருந்துதான்.

இந்த இடம் மழைக்காலத்தில் இரண்டு விதமாகக் கெடுகிறது. கதவு உடைந்தோ காணாமலோ போயிருந்தால், தேங்கிய நீர் ஏறி ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளேயே போய்விடும். அல்லது கேபிள் கம்பத்துக்குள் நுழையும் இடத்தில் இரும்பு விளிம்பில் பல வருடங்களாக உரசி உரசி, அதன் உறை கிழிந்திருக்கும். கோடையில் அந்தக் கிழிசலால் ஒன்றும் ஆகாது. ஈரம் பட்டதும் ஃபேஸ் கம்பிக்கும் கம்பத்தின் இரும்புக்கும் இடையே பாதை திறந்துவிடும். மின்கசிவு என்று நாம் சொல்வது இதைத்தான். கம்பியில் மட்டும் இருக்க வேண்டிய 230 வோல்ட், கம்பத்தின் உடலுக்கும் வந்துவிடுகிறது.

இதற்கென்றே ஒவ்வொரு இரும்புக் கம்பத்துக்கும் எர்த் கம்பி இருக்க வேண்டும். நல்ல எர்த் கம்பி, கம்பத்தின் உடலை டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் வரை உலோகப் பாதையிலேயே இணைக்கிறது. அப்படி இணைந்திருந்தால் கசிவு வந்த உடனே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும்; கம்பமும் செத்த கம்பமாகிவிடும். ஆனால் அந்தக் கம்பி துருப்பிடித்து அறுகிறது, சாலை தோண்டும்போது வெட்டுப்படுகிறது, திருட்டும் போகிறது. அது அறுந்ததால் விளக்கு அணையாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. பழுதானாலும் வெளியே எந்த அடையாளமும் காட்டாத பாகம் இது. ஆபத்து தொடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான்.

## ஃபியூஸ் ஏன் போவதில்லை: ஒரு கணக்கு

எர்த் கம்பி அறுந்த ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்வோம். 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த இரும்புக் குழாய் 1.5 மீட்டர் ஆழத்துக்கு நேரடியாக மண்ணுக்குள் நிற்கிறது. மண் சாதாரண ஈரத்தில் இருக்கிறது. அதன் தடைத்திறன் சுமார் 100 ஓம் மீட்டர். இப்போது ஃபேஸ் கம்பி கம்பத்தின் உடலில் முழுமையாகப் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

1. கம்பத்திலிருந்து சுற்றியுள்ள மண்ணுக்குப் போக மின்சாரம் சந்திக்கும் தடை சுமார் 37 ஓம் வரும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தின் தடை 2 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 39 ஓம்.

2. 230 வோல்ட்டை 39 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 6 ஆம்பியர். மண் வழியாகக் கசிந்து திரும்பும் மின்னோட்டம் இவ்வளவுதான்.

3. அந்தத் தெருவின் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் பில்லர் பாக்ஸில் இருப்பது 16 ஆம்பியர் ஃபியூஸ் என்றே வைத்துக்கொண்டாலும், இந்த 6 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னும் சில விளக்குகள் கூடுதலாக எரிவதாகத்தான் அது நினைத்துக்கொள்ளும். கம்பத்துக்குள் இருக்கும் சிறிய ஃபியூஸாவது போகுமா? அது விளக்குக்குப் போகும் பாதையில் இருக்கிறது. கசிவோ அதற்கு முன்பே, உள்ளே வரும் கேபிளில் நடக்கிறது.

4. 230 வோல்ட்டில் பெரும்பகுதி, சுமார் 220 வோல்ட், கம்பத்தின் உடலிலேயே நிற்கிறது. விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் அந்த நிலை நீடிக்கலாம்.

ஃபியூஸும் எம்.சி.பி.யும் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காக்க வந்தவை. மனிதரைக் காக்கும் கருவி ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஒப்பிடும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். மழையில் நனையும் நீளமான தெருவிளக்குக் கேபிளில் சிறு கசிவு எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதனால் அவ்வளவு நுட்பமான கருவியை மொத்தத் தெருவுக்கும் ஒன்றாகப் போட்டால், மழை பெய்யும் ஒவ்வொரு இரவும் தெரு இருண்டுவிடும். நுட்பம் குறைந்த கருவியைப் போடுவார்கள். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. "ட்ரிப் ஆகவில்லை, அதனால் கசிவு இல்லை" என்ற வாதம் அதனால்தான் செல்லாது.

## தொடாதவருக்கும் ஷாக் எப்படி அடிக்கிறது

தேங்கிய நீர் முழுவதும் ஒரே அளவு மின்சாரம் ஏறி நிற்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த 6 ஆம்பியர் கம்பத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவிப் போகிறது. கம்பத்தை ஒட்டிய இடத்தில் அது நெருக்கமாகப் பாய்வதால் மின்னழுத்தம் சடாரென்று இறங்குகிறது. தள்ளிப் போகப் போக மெதுவாக இறங்குகிறது. ஒரு மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: உச்சியருகே செங்குத்து, அடிவாரத்தில் மெல்லிய சரிவு.

நமது கம்பத்துக்கு, தரையின் மேற்பரப்பில் மின்னழுத்தம் ஏறக்குறைய இப்படி அமையும்:

- அரை மீட்டரில் 115 வோல்ட்
- 1 மீட்டரில் 75 வோல்ட்
- ஒன்றரை மீட்டரில் 55 வோல்ட்
- 3 மீட்டரில் 30 வோல்ட்
- 5 மீட்டரில் 19 வோல்ட்

உடலில் மின்சாரம் பாய்வது, உடலின் இரண்டு இடங்கள் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும்போதுதான். அதை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

தொடு மின்னழுத்தம். அரை மீட்டர் தள்ளி நின்று கம்பத்தில் கை வைத்தால், கை 220 வோல்ட்டில், கால் 115 வோல்ட்டில். வித்தியாசம் 105 வோல்ட். நனைந்த தோலோடு உடலின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்படியானால் 100 மில்லிஆம்பியர் கையிலிருந்து நெஞ்சு வழியாகக் காலுக்குப் போகிறது. 10 மில்லிஆம்பியருக்கு மேல் போனாலே கைத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. 100 மில்லிஆம்பியர் ஓரிரு விநாடி நீடித்தால் இதயம் சீராகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். ரத்த ஓட்டம் அத்துடன் நின்றுவிடும்.

படி மின்னழுத்தம். கம்பத்தைத் தொடவில்லை, நடக்க மட்டும் செய்கிறோம். ஒரு கால் அரை மீட்டரிலும் மறு கால் 1 மீட்டரிலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே 40 வோல்ட். 1 மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடையே 20 வோல்ட். மூன்று மீட்டருக்கு அப்பால், அதே அரை மீட்டர் எட்டு வைத்தால் 4 வோல்ட்தான்.

காலிலிருந்து காலுக்குப் பாயும் மின்சாரம் பெரும்பாலும் இதயத்தைத் தொடாமல் கீழேயே போய்விடுகிறது. அதனால் 40 வோல்ட் அப்படியே உயிரை எடுத்துவிடாது. கால் தசை இழுத்துக்கொண்டு ஆள் விழுவதில்தான் ஆபத்து. விழும்போது கை தன்னால் நீளும். பக்கத்தில் இருக்கும் கம்பத்தையே அது பிடிக்கும். பிடிக்காவிட்டாலும், நீரில் குப்புற விழுந்தவரின் தலைக்கும் காலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் தூரம் வந்துவிடுகிறது; நெஞ்சு அந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது. கை கால் அசைக்க முடியாமல் முழங்கால் அளவு நீரில் மூழ்கி இறப்பவர்களும் உண்டு.

பத்துப் பேர் போன பின் பதினோராவது ஆள் ஏன் விழுந்தார் என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. அந்தப் பத்துப் பேர் மூன்று மீட்டர் தள்ளிப் போயிருக்கலாம், ரப்பர் செருப்பு அணிந்திருக்கலாம், கம்பத்தைத் தொடாமல் இருந்திருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு, அது நேரம். பல தெருக்களில் விளக்குகளை பில்லர் பாக்ஸில் உள்ள டைமர்தான் மொத்தமாகப் போடுகிறது. பகலில் அந்தக் கேபிளிலேயே மின்சாரம் இருக்காது. மதியம் குழந்தைகள் விளையாடிய அதே தண்ணீர், சாயங்காலம் டைமர் விழுந்த நொடியில் வேறு தண்ணீராகிவிடும்.

## தண்ணீர் கூடினால் என்ன மாறும்

மேலே சொன்ன கணக்கு தண்ணீர் தேங்காத ஈர மண்ணுக்கானது. அதன் மேல் ஒன்றரை அடி நீர் நின்றால் எண்கள் மாறும், அதுவும் ஒரே திசையில் அல்ல.

சாக்கடை கலந்த தெருநீர் மண்ணைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அடியில் இருக்கும் தார்ச்சாலையோ அவ்வளவாகக் கடத்தாது. ஆகவே மின்சாரம் கீழே இறங்காமல், நீர்ப்பரப்பிலேயே பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவுகிறது. கம்பத்தை ஒட்டிய செங்குத்துச் சரிவு கொஞ்சம் தணியும், ஆனால் மின்னழுத்தம் எட்டும் தூரம் கூடும். மேலே உள்ள பட்டியலைப் பார்த்து "3 மீட்டர் போதும்" என்று முடிவுகட்டக் கூடாது. நீர் தேங்கியிருக்கும்போது 10 மீட்டர் தள்ளிப் போவதே பொருத்தம்.

தூரக் கணக்கையே பொய்யாக்கும் இன்னொன்றும் இருக்கிறது. கம்பத்தைத் தொட்டுக்கொண்டு சாலைத் தடுப்பின் இரும்புக் கிராதியோ, நடைபாதைக் கைப்பிடியோ, விளம்பரப் பலகையின் சட்டமோ இருந்தால், கம்பத்தின் மின்னழுத்தம் அந்த இரும்பு முடியும் இடம் வரைக்கும் குறையாமல் போகும். 15 மீட்டர் தள்ளி நின்று கிராதியைப் பிடிப்பவருக்குக் கையில் ஏறக்குறைய 220 வோல்ட், காலில் மிகக் குறைவு. கம்பத்தின் அருகில் நின்று தொட்டவரைவிட இவருக்குத்தான் பெரிய அடி. வெள்ளத்தில் தடுமாறுகிறவர் முதலில் பிடிப்பது கைப்பிடியைத்தான் என்பதை நினைத்தால் இது கொடுமையான ஏற்பாடு.

## நெருங்கும் முன்பே பார்க்க வேண்டியவை

அறிகுறிகளுக்கு ஒரு விதி பொருந்தும்: இருந்தால் நம்புங்கள், இல்லாவிட்டால் எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த நினைப்போடு, நம்பத்தக்கவை முதலில் வரும்படி சொல்கிறேன்.

1. விழுந்து கிடக்கும் விலங்கு. கம்பத்தருகே நாயோ மாடோ செத்துக் கிடந்தால் வேறு சான்று வேண்டாம். செருப்பு இல்லாத நான்கு கால்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே இதயம். மாட்டுக்கு அந்த இடைவெளி ஒன்றரை மீட்டர் வரும். நம் கம்பத்திலிருந்து 3 மீட்டர் தூரத்தில் மனிதரின் எட்டுக்கு 4 வோல்ட் என்றால், கம்பத்தை நோக்கி நிற்கும் மாட்டுக்கு 10 வோல்ட். அதனால்தான் மனிதருக்கு முன் மாடு விழுகிறது. நாய் ஒன்று தண்ணீரில் கால் வைத்ததும் கத்திக்கொண்டு பின்வாங்கினாலும் இதே பொருள்தான்.

2. காலில் கூச்சம், குறுகுறுப்பு, கணுக்காலில் இழுப்பு. ஒரு மில்லிஆம்பியர் அளவிலேயே உடல் மின்சாரத்தை உணரும். அதனால் ஆபத்தான இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்பாகவே, வெறுங்காலுக்கோ நனைந்த செருப்புக்காலுக்கோ இந்தக் கூச்சம் தெரிய வாய்ப்பு உண்டு. தண்ணீர் சில்லென்று இருப்பதால் வரும் மரப்புபோல இது இருக்காது. மாறாத துடிப்பாக இருக்கும், நகர நகரக் கூடும் அல்லது குறையும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது. காலைக் காக்கும் அதே ரப்பர், காதில் விழ வேண்டிய மணியையும் அடைத்துவிடுகிறது. அவர் நேரே போய்க் கம்பத்தில் கை வைத்தால், பூட்ஸில் எங்கேயாவது ஒரு ஓட்டையோ, உடலில் படும் நனைந்த சுவரோ போதும், ஷாக் அடித்துவிடும்.

3. கம்பத்தடியில் சத்தம், பொறி, குமிழி, ஆவி, கருகிய வாடை. நம் கணக்கில் 220 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் சுமார் 1300 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு. இதில் பெரும்பகுதி கம்பத்தை ஒட்டிய மண்ணிலும் நீரிலும்தான் இறங்குகிறது. கசிவு ஒரு சின்னக் கிழிசலில் நடந்தால் அந்த இடத்தில் நீர் கொதித்துக் குமிழி விடும், உர்ரென்று ஓசை வரும். இதெல்லாம் நின்ற நீரில்தான் தெரியும். ஓடுகிற வெள்ளம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும்; மழைச் சத்தத்தில் ஓசையும் கேட்காது.

4. திறந்த கதவு, மூழ்கிய ஜங்ஷன் பாக்ஸ். கம்பத்தடிக் கதவு இல்லாமல், டேப் சுற்றிய கம்பிகள் வெளியே தொங்கினால் அது பழுது நடக்கக் காத்திருக்கும் இடம். நீர் அந்தக் கதவின் உயரத்தைத் தொட்டுவிட்டால், கசிவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பில்லர் பாக்ஸுக்கும் இதே அளவுகோல்தான்.

5. கம்பத்தில் ஏற்றிக்கட்டிய வேறு கம்பிகள். விழாவுக்கான சீரியல் விளக்கு, பேனருக்கான இரும்புக் கம்பி, கொக்கி போட்டு எடுத்த இணைப்பு. இவை கம்பத்தின் சொந்தக் கேபிள் நன்றாக இருந்தாலும் புதிதாக ஒரு கசிவைக் கொண்டுவரும். தெருவிளக்கு இணைப்பைத் துண்டித்த பிறகும் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வரும் இந்தக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும்.

6. மினுக்கும் விளக்கு. மங்கி மங்கி எரிவது இணைப்பு தளர்ந்ததைக் காட்டலாம், விளக்கே கெட்டதையும் காட்டலாம். தனியாக இதற்கு மதிப்பு குறைவு. மேலே உள்ளவற்றில் ஒன்றோடு சேர்ந்தால் மதிப்பு உண்டு.

விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் மின்சாரம் இல்லை என்பதற்கு அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்ப் போயிருக்கலாம், கம்பத்துக்குள் உள்ள சிறிய ஃபியூஸ் போயிருக்கலாம். இரண்டிலும் கேபிள் வரை மின்சாரம் நிற்கும். சொல்லப்போனால், தெருவில் மற்ற விளக்குகள் எரிய ஒன்று மட்டும் அணைந்திருந்தால், சந்தேகப்பட வேண்டிய கம்பம் அதுதான்.

## டெஸ்டரை நம்பலாமா

"டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. நியான் டெஸ்டர் கம்பத்தின் மின்னழுத்தத்தைத் தனியாக அளப்பதில்லை. கம்பத்துக்கும் அதைப் பிடித்திருப்பவரின் உடலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. அதன் பல்ப் தெளிவாக எரிய 60 முதல் 90 வோல்ட் வேண்டும். கம்பத்தை ஒட்டி, நீருக்குள் நிற்பவரின் காலே நூற்றுக்கும் மேற்பட்ட வோல்ட்டில் இருக்கும்போது, வித்தியாசம் குறைந்து பல்ப் மங்கலாகவோ எரியாமலோ போகலாம். அதைவிட அடிப்படையான கோளாறு, சோதிக்க வேண்டும் என்றாலே நெருங்கியாக வேண்டும் என்பது. நனைந்த கை, நனைந்த டெஸ்டர், 220 வோல்ட் கம்பம்: அந்தச் சோதனையே விபத்துக்கு முந்தைய படி.

புறங்கையால் தட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். உலர்ந்த இடத்தில் எலக்ட்ரீஷியன்கள் செய்வது உண்டு. தண்ணீரில் நிற்கும்போது கை பின்னால் இழுக்குமே தவிர, கால் வழுக்கி எங்கே விழுவோம் என்பது நம் கையில் இல்லை.

## தண்ணீருக்குள் இருக்கும்போதே கால் கூசினால்

1. அப்படியே நில்லுங்கள். ஓடக் கூடாது. ஓடும்போது எட்டு ஒரு மீட்டர் வரும். கால்களுக்கு இடையேயான வோல்ட்டும் அதற்கேற்ப ஏறும்.

2. இரண்டு கால்களையும் ஒட்டி வையுங்கள். கூச்சம் குறைந்தால், அது மின்சாரம்தான் என்பதும் உறுதியாகிறது.

3. வந்த திசையிலேயே திரும்புங்கள். அந்தப் பக்கம் சற்று முன் கூச்சம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற திசைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

4. பாதங்களைத் தூக்காமல், அரை அடிக்கும் குறைவாகத் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். நம் கம்பத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் எட்டுக்கு 20 வோல்ட். 10 சென்டிமீட்டர் நகர்வுக்கு 4 அல்லது 5 வோல்ட்தான். குதித்துப் போகலாம் என்ற யோசனை உலர்ந்த தரைக்குச் சரி, தண்ணீரில் விழத்தான் வைக்கும்.

5. எந்த இரும்பையும் பிடிக்காதீர்கள். தடுமாறினாலும் சரி. கூட வருபவரின் கையையும் பிடிக்க வேண்டாம். இரண்டு பேர் கைகோத்தால் இடைவெளி நீளும், வோல்ட்டும் கூடும். குழந்தையைத் தூக்கிக்கொள்வது பரவாயில்லை.

## ஒருவர் விழுந்து கிடந்தால்

காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்தார் என்ற செய்திகளுக்குக் காரணம், வீட்டுக்குள் பழகிய முறையைத் தெருநீரில் கையாள்வது. உலர்ந்த கட்டையால் தள்ளிவிடு என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வீட்டின் உலர்ந்த தரையில் அது சரி. இங்கே கட்டை கையைக் காக்கும். நிற்கும் கால்கள் அதே நீரில்தானே இருக்கின்றன? கட்டையோடு கம்பத்தை நோக்கிப் போகும் ஒவ்வொரு எட்டும் மேட்டில் ஏறுவது.

முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். மின்வாரியப் புகாருக்கு 1912, அவசர உதவிக்கு 112. பில்லர் பாக்ஸை நீங்களே திறந்து ஃபியூஸைப் பிடுங்கப் போகாதீர்கள். அதுவும் நீரில் நிற்கும் இரும்புப் பெட்டிதான். நீருக்கு வெளியே உலர்ந்த இடத்திலிருந்து, உலர்ந்த நீளமான கயிறு அல்லது மரக்கம்பு எட்டுமானால் இழுத்துப் பார்க்கலாம். அதற்காக நீரில் இறங்கக் கூடாது.

தெரு இருண்டுவிட்டதை வைத்து மின்சாரம் நின்றது என்று இறங்கிவிடவும் கூடாது. பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தவறான இணைப்பு வழியே அதே கம்பிக்கு மின்சாரம் தரலாம். நிறுத்தியாயிற்று என்று லைன்மேன் வாயால் கேட்ட பிறகு, தாமதமே கூடாது. விழுந்தவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சும் அசைவும் இல்லை என்றால் தண்ணீரிலிருந்து தூக்கி, உறுதியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்த வேண்டும். நீரில் மூழ்கியவர் என்பதால், பழகியவர் இருந்தால் வாய்வழி மூச்சும் சேர்த்துத் தர வேண்டும். தண்ணீரைக் கக்க வைக்க வயிற்றை அமுக்குவது நேரத்தை வீணாக்கும்.

## புகாரில் என்ன சொல்வது

தெருவிளக்கும் கம்பமும் பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி பொறுப்பில் இருக்கும். அதற்கு வரும் மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு. "எங்களுடையது இல்லை" என்று ஒருவர் மற்றவரைக் காட்டுவதற்கு இந்தப் பிரிவினை வசதியாக இருக்கிறது. ஆகவே இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள். முதலில் மின்வாரியம், ஏனென்றால் உடனே துண்டிக்கக் கூடியவர்கள் அவர்கள்.

கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண் இருக்கும். 10 மீட்டர் தள்ளி நின்று செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் படமெடுத்தால் அந்த எண் கிடைக்கும். எண் தெரியாவிட்டால் எதிரே உள்ள கட்டடத்தின் கதவு எண் போதும். "ஷாக் அடிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை அடி தூரத்தில் கூச்சம் தெரிந்தது, விலங்கு ஏதாவது கிடக்கிறதா, நீர் கம்பத்துக் கதவை எட்டியிருக்கிறதா, அப்போது விளக்கு எரிந்ததா, மணி என்ன என்பதையும் சொல்லுங்கள். மணி முக்கியம். டைமரில் ஓடும் விளக்கு வரிசையைப் பகலில் வந்து சோதிக்கும் ஊழியர், ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இரவு 7 மணிக்கு மட்டும் ஷாக் வருகிறது என்று தெரிந்தால், விளக்கைப் போட்டுச் சோதிப்பார்.

தண்ணீர் வடிந்த பிறகும் புகாரைக் கைவிட வேண்டாம். கிழிந்த கேபிளும் அறுந்த எர்த் கம்பியும் அப்படியேதான் இருக்கும். ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம் காயவும் பல நாள் ஆகும். லைன்மேன் வந்தால் கேட்க வேண்டியது ஒன்றே: கசிவை மட்டும் சரிசெய்தீர்களா, கம்பத்தின் எர்த் கம்பியையும் அளந்து பார்த்தீர்களா? முதலாவதை மட்டும் செய்தால், அடுத்த மழையில் வேறொரு கிழிசல் வரும்போது ஃபியூஸ் மறுபடியும் போகாது.